சுருதியில் நிற்காத மூன்றாம் கம்பி

கிட்டாருக்குச் சுருதி சேர்க்க இன்று கைபேசிச் செயலி போதும். ஆனால் செயலி ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஆறு கம்பிகளும் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்பதைச் சொல்வது காதுதான். அதற்கான பழைய வழி ஐந்தாம் ஃப்ரெட் முறை.

தடித்த ஆறாம் கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால், ஐந்தாம் கம்பியை அழுத்தாமல் மீட்டும்போது வரும் அதே ஸ்வரம் வர வேண்டும். ஐந்தாவதை அதே இடத்தில் அழுத்தினால் நான்காவது, நான்காவதை அழுத்தினால் மூன்றாவது. மூன்றாம் கம்பியை மட்டும் நான்காம் ஃப்ரெட்டில் அழுத்த வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பிறகு இரண்டாவதை மீண்டும் ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தி முதல் கம்பியைச் சேர்க்கலாம்.

தொடங்குவதற்கு ஒரு நம்பகமான ஸ்வரம் வேண்டும். 440 ஹெர்ட்ஸ் இசைக்கவை இருந்தால் நல்லது. பள்ளி ஆய்வகங்களில் கிடக்கும் 256, 512 கவைகள் இதற்கு உதவா. ஐந்தாம் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே, அழுத்தாமல் விரலை லேசாக வைத்து மீட்டி உடனே எடுத்தால் மணிபோல ஒரு மெல்லிய ஒலி எழும். சுருதி சரியாக இருந்தால் அது 440. கவையோடு அதை ஒப்பிட்டு ஐந்தாம் கம்பியை முதலில் நிலைநிறுத்தி, பிறகு ஆறாவதை அதனோடு சேர்ப்பது வழக்கம்.

எதைக் கேட்க வேண்டும்? பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் விம்மலைத்தான். ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸில் இருக்கிறது, ஆறாவதை அழுத்தினால் 108 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்து மீட்டினால் ஒலி நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். ஆறாம் கம்பியை மெல்ல இறுக்க இறுக்க அந்த ஏற்ற இறக்கம் நிதானமாகும். 109.5-ஐ எட்டும்போது இரண்டு நொடிக்கு ஒரு முறைதான். பிறகு ஒலி அசையாமல் நிற்கும். விம்மல் வேகமெடுத்தால் சாவி தவறான பக்கம் திரும்புகிறது என்று பொருள். சுருதி தாண்டிவிட்டால் அங்கிருந்து இறக்கி நிறுத்தக் கூடாது. இன்னும் கீழே இறக்கி, மறுபடி இறுக்கிக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். இல்லையெனில் சாவியின் பற்களில் தங்கிவிட்ட தொய்வு, வாசிக்கும்போது கம்பியைக் கீழே இழுத்துவிடும்.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒவ்வொரு கம்பியும் முந்தையதை நம்பி நிற்பதால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். விரல் பலமாக அழுத்தினாலோ பக்கவாட்டில் இழுத்தாலோ ஸ்வரம் ஏறும். அதை நம்பிச் சேர்க்கும் அடுத்த கம்பியும் ஏறும். ஆகவே கடைசியில், நான்காம் கம்பியை இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி, திறந்த ஆறாவதோடும் முதலாவதோடும் ஒப்பிட வேண்டும். மூன்றும் வெவ்வேறு ஸ்தாயியில் ஒரே ஸ்வரம்.

இனி, சேர்த்தும் நிற்காத கம்பிகள். பலரும் முதலில் சாவியைக் குறைசொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி வேறு. கம்பி புதிதென்றால் அது இன்னும் நீண்டுகொண்டிருக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட் அருகே கம்பியைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்து, மீண்டும் சுருதி சேர்க்க வேண்டும். இழுத்த பிறகும் சுருதி இறங்காத நிலை வரும்வரை இதைத் தொடரலாம். நைலான் கம்பி அமைதியாகச் சில நாள் எடுக்கும். அதை அவசரப்படுத்த முடியாது. சாவித் தண்டில் சுற்றுகள் தளர்வாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தாலும் இதே கதிதான். இரண்டு மூன்று சுற்று, கீழ்நோக்கி இறுக்கமாக இருந்தால் போதும்.

இரண்டுமே சரியாக இருந்து, மூன்றாம் கம்பி மட்டும் தொல்லை தந்தால் நட்டைப் பார்க்க வேண்டும். தலைப்பகுதியில் பக்கத்துக்கு மூன்று சாவிகள் உள்ள கிட்டார்களில், மூன்றாம், நான்காம் கம்பிகள் நட்டைக் கடந்ததும் பக்கவாட்டில் அதிகம் வளைகின்றன. பள்ளம் கம்பியைக் கவ்விக்கொள்கிறது. சாவியைத் திருப்பும்போது சுருதி நகராமல் நின்று, திடீரென 'டிங்' என்று தாவினால் அதுவே அடையாளம். இன்னொரு சோதனை: நட்டுக்கும் சாவிக்கும் இடையே கம்பியை விரலால் அழுத்திவிட வேண்டும். விட்ட பிறகும் ஸ்வரம் ஏறியே நின்றால், கவ்வல் உறுதி.

கம்பியைத் தளர்த்திப் பள்ளத்திலிருந்து எடுத்து, மென்மையான பென்சில் நுனியால் பள்ளத்தைத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் கவ்வினால், பள்ளத்தைக் கம்பியின் தடிமனுக்கு அராவ வேண்டும். அதைக் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் விடுவது நல்லது. சற்று ஆழமாகிவிட்டால் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசி இரையும். பிறகு நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

துருவேறிய பழைய கம்பிகளுக்கு இவை எதுவும் பலிக்காது. திறந்த ஸ்வரமும் பன்னிரண்டாம் ஃப்ரெட் ஸ்வரமும் ஒத்துவராத அந்தக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஆறையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.