நவம்பரில் விற்பனை சரிந்ததா?

ஒரு ஜவுளிக்கடைக் கணக்கைக் கற்பனை செய்துகொள்வோம். 2023 நவம்பரில் விற்பனை 30 லட்சம், 2024 நவம்பரில் 19 லட்சம். முதலாளிக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் 2023-இல் தீபாவளி நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. பண்டிகைக் கூட்டம் முந்தைய மாதத்திலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டு மாதங்களையும் கூட்டிப் பாருங்கள்: முதல் ஆண்டு 22-உம் 30-உம் சேர்ந்து 52 லட்சம்; அடுத்த ஆண்டு 36-உம் 19-உம் சேர்ந்து 55 லட்சம். சரிவே இல்லை, சுமார் 6 சதவீத உயர்வு.

ஆண்டுதோறும் திரும்பி வரும் இந்த ஏற்ற இறக்கம்தான் பருவகால மாறுபாடு. அதை விலக்கிய பிறகே நீண்டகாலப் போக்கு தெரியும். ஆனாலும் அந்த 6 சதவீதத்தைப் போக்கு என்று சொல்லிவிட முடியாது. துணி விலை ஏறியிருக்கலாம். அல்லது நாட்டின் பொருளாதாரமே மேலேறும் கட்டமாக இருக்கலாம். சில ஆண்டுகள் ஏறி, சில ஆண்டுகள் இறங்கும் இதைச் சுழல் மாறுபாடு என்பார்கள். இரண்டாண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு இதைப் பிரித்தறிய வழியில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுக் கணக்காவது வேண்டும்.

2020 ஏப்ரல் ஊரடங்கு வேறு வகை. முன்னறிவிப்பின்றி வந்த ஒழுங்கற்ற மாறுபாடு அது. அந்தப் பூஜ்ஜியத்தையும் சேர்த்துச் சராசரி போட்டால், ஏப்ரலே மந்தமான மாதம் என்று கணக்கு பொய் சொல்லும். கடையும் அடுத்த ஏப்ரலுக்குக் குறைவாகச் சரக்கு வாங்கும்.