இயக்குநருக்குக் கொடுப்பதெல்லாம் சம்பளமா?

கோவையில் அண்ணனும் தங்கையும் இயக்குநர்களாக உள்ள ஒரு பம்ப் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அண்ணன் தினமும் ஆலையை நடத்துகிறார். ஊழியர் என்ற முறையில் அவர் வாங்குவது சம்பளம். வருமான வரி வரம்பைத் தாண்டினால்தான் டிடிஎஸ், ஜிஎஸ்டி கிடையாது.

தங்கை போர்டு கூட்டத்துக்கு மட்டும் வருகிறார். கூட்டத்துக்கு ரூ.5,000 வீதம் ஆண்டுக்கு 4 கூட்டங்கள், ரூ.20,000. இது அமர்வுக் கட்டணம். தொகை எவ்வளவு சிறிதானாலும் 10% டிடிஎஸ், அதாவது ரூ.2,000 பிடிக்க வேண்டும். சம்பளக்காரருக்குரிய நிலையான கழிவும் இதற்கு இல்லை.

பலர் கோட்டைவிடுவது ஜிஎஸ்டியில்தான். 18%, ரூ.3,600, அதைக் கட்டவேண்டியவர் தங்கை அல்ல, கம்பெனி. கூட்டமே நடத்தாமல் மாதாமாதம் ‘அமர்வுக் கட்டணம்’ எழுதினால், வருகைப் பதிவும் கூட்டக் குறிப்பேடும் காட்டிக்கொடுத்துவிடும்.