பிடித்தம் நிற்க வேண்டிய தேதி

தமிழாசிரியையாக இருந்து 2010 மே 31-இல் ஓய்வு பெற்றவர் அவர். ஊரில் இன்றும் எல்லோருக்கும் டீச்சர்தான். அதே பள்ளியில், அதே நாளில் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் 2025 ஜூலையில் ஒரு நல்ல செய்தி சொன்னார். "அக்கா, எனக்குக் கம்யூடேஷன் பிடித்தம் நின்னுடுச்சு. பென்ஷன் கூட வருது. உங்களுக்கு?"

டீச்சர் பாஸ்புக்கைப் பார்த்தார். போன மாதத் தொகையேதான் இந்த மாதமும் வந்திருந்தது. பாஸ்புக்கில் எல்லாப் பிடித்தமும் போக மிஞ்சிய தொகை மட்டுமே ஒரே வரியில் ஏறும். எது எதற்குப் பிடித்தார்கள் என்பது மாதாந்திர ஓய்வூதியச் சீட்டில்தான் இருக்கும். அதை எடுத்துப் பார்த்தார். மருத்துவக் காப்பீட்டுக்கு 497 ரூபாய், அதை அடுத்துக் குடும்பப் பாதுகாப்பு நிதி, அதற்கும் கீழே கம்யூடேஷன் 4,000.

கம்யூடேஷன் என்பது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது. தமிழக அரசின் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படிப் பெறலாம். ஓய்வு பெறும்போது டீச்சரின் மாத ஓய்வூதியம் 12,000. அதில் 4,000-ஐ விட்டுக்கொடுத்து, நான்கு லட்சத்துக்குச் சற்று மேல் வாங்கினார். மகள் கல்யாணம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. விட்டுக்கொடுத்த 4,000 பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்ப ஓய்வூதியத்தோடு சேர வேண்டும்.

2010 மேயிலிருந்து எண்ணினால் 2025 மேயில் பதினைந்து ஆண்டு முடிந்துவிடுகிறது. ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சார்கருவூலத்துக்குப் போனார்.

கணக்காளர் பொறுமையாகப் புத்தகத்தைப் புரட்டினார். "டீச்சர், பதினைந்து வருஷத்தை ரிட்டயர் ஆன நாளிலிருந்து எண்ணக் கூடாது. பிடித்தம் ஆரம்பிச்ச நாளிலிருந்து எண்ணணும். உங்களுக்கு மொத்தத் தொகை தாமதமாத்தான் வந்திருக்கு. குறைஞ்ச பென்ஷன் 2010 செப்டம்பர் 1-இலிருந்துதான் ஆரம்பம். பாருங்க, இங்கே எழுதியிருக்கு."

அவர் சொன்னது சரி. முதல் மூன்று மாதம் டீச்சர் முழு ஓய்வூதியமும் வாங்கியிருந்தார். கணக்கு டீச்சருக்குப் பணம் முன்னதாகவே வந்ததால் பிடித்தமும் முன்னதாகத் தொடங்கி, முன்னதாக நின்றது. டீச்சருக்குக் கடைசிப் பிடித்தம் 2025 ஆகஸ்ட் ஓய்வூதியத்தில். அந்தத் தேதியை பாஸ்புக் அட்டையின் உட்பக்கத்தில் எழுதிக்கொண்டு வீடு திரும்பினார்.

செப்டம்பர் ஓய்வூதியம் வந்தது. சீட்டில் அதே 4,000 பிடித்தம். அக்டோபரிலும் அப்படியே.

இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது. புதிதாக ஏதாவது பிடித்தால் வரும் தொகை குறையும், உடனே கேட்போம். நிற்க வேண்டிய பிடித்தம் நிற்காவிட்டால் வழக்கமாக வரும் தொகைதான் வரும். அகவிலைப்படியை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. 2016-ஆம் ஆண்டின் திருத்தத்தில் 2.57-ஆல் பெருக்கியபோது டீச்சரின் 12,000 ரூபாய் 30,840 ஆனது. பிடித்தம் மட்டும் பழைய 4,000 ஆகவே தொடர்ந்தது. அகவிலைப்படி அந்த முழு 30,840-க்கும் கணக்கிடப்படுகிறது. பிடித்தம் போக மிஞ்சும் 26,840-க்கு அல்ல. ஆகவே பிடித்தம் நின்றாலும் அகவிலைப்படி மாறாது. கையில் கூட வர வேண்டியது அந்த 4,000 மட்டுமே.

இந்த முறை டீச்சர் ஒரு மனு எழுதிக்கொண்டு போனார். அரைப் பக்கம்தான். ஓய்வூதிய ஆணை எண், பிடித்தம் தொடங்கிய தேதி, பதினைந்து ஆண்டு முடிந்த தேதி, அதற்குப் பிறகும் பிடித்த மாதங்கள், திரும்ப வர வேண்டிய தொகை. கம்யூடேஷன் ஆணையின் நகலையும் இரண்டு மாதச் சீட்டுகளையும் இணைத்திருந்தார். மனுவின் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார்.

கணக்காளர் கணினியில் தேடிப் பார்த்தார். பேரேட்டிலிருந்து பதிவேற்றியபோது பிடித்தம் தொடங்கிய ஆண்டு 2011 என்று ஏறியிருந்தது. கணினியின் கணக்குப்படி இன்னும் ஓராண்டு பாக்கி.

"கேட்காம விட்டிருந்தா அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் போயிருக்கும், டீச்சர்."

"அப்படின்னா பன்னிரண்டு மாசம், தம்பி. நாற்பத்தெட்டாயிரம்."

நவம்பர் ஓய்வூதியத்திலும் ஒரு முறை பிடித்துவிட்டார்கள். டிசம்பரில் சரியானது. அந்த மாதம் முழு ஓய்வூதியத்தோடு மூன்று மாத நிலுவை 12,000-மும் சேர்ந்து வந்தது. டீச்சர் சீட்டில் இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்த்தார். பிறகு, அந்தக் காலத்தில் ஓய்வு பெற்ற மற்ற ஆசிரியைகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "உனக்குப் பிடித்தம் ஆரம்பிச்ச தேதி என்ன? புத்தகத்தைப் பார்த்துச் சொல்லு."