வீணான 600 பீஸ்கள் யார் கணக்கில்?

திருப்பூரில் 10,000 டி ஷர்ட்டுக்கு ஆர்டர் எடுத்த எந்தக் கம்பெனியும் துல்லியமாக 10,000 பீஸ் வெட்டுவதில்லை. கொஞ்சம் கூடுதலாகத்தான் வெட்டுவார்கள். தையலில் சில போகும், சாயத்தில் சில போகும், செக்கிங் மேஜையில் சில ஒதுங்கும் என்பது கட்டிங் மாஸ்டருக்குத் தெரியும். அப்படி ஒதுங்கியவை செகண்ட்ஸ் என்ற பெயரில் காதர்பேட்டைக் கடைகளுக்குப் போய்விடுகின்றன. துணி போன வழி எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குச் செலவழித்த பணம் கணக்குப் புத்தகத்தில் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதில்தான் பல கம்பெனிகள் தடுமாறுகின்றன.

ஆர்டர் வாரியாகச் செலவுக் கணக்கு வைக்கும் இடத்தில் இந்தத் தடுமாற்றம் பெரிய விஷயம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு செலவுத் தாள் இருக்கும். துணி, கூலி, தொழிற்சாலை மேற்செலவு எல்லாம் அதில் ஏறும். அடுத்த ஆர்டருக்கு விலை சொல்லும்போது முதலாளி புரட்டிப் பார்ப்பது அந்தத் தாளைத்தான். அதில் தவறான நட்டம் ஏறியிருந்தால் அடுத்த விலையும் தவறாகிவிடும்.

முதலில் மூன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெட்டும்போது விழும் துண்டுத் துணி கழிவு. கிலோ கணக்கில் வேஸ்ட் வியாபாரிக்கு விற்று, வந்த காசைச் செலவில் கழித்துக்கொள்ளலாம். அதில் சிக்கல் அதிகமில்லை. நல்ல பீஸாக மாற்றவே முடியாமல் செகண்ட்ஸாகப் போவது பாழான பீஸ். பிரித்து, திரும்பத் தைத்து, நல்ல பீஸாக அனுப்பக்கூடியது குறையுள்ள பீஸ். அதற்கு ஆகும் வேலை மறுவேலை. பாழானதற்கும் குறையுள்ளதற்கும் கணக்கு எழுதும் முறை வேறு.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்த்துவிடலாம். எண்கள் கற்பனைதான், முறை உண்மையானது. ஆர்டர் எண் 214. வாங்குபவர் கேட்டது, தைத்து முடித்த பிறகு வாஷ் செய்து பழைய தோற்றம் வரவைத்த 10,000 டி ஷர்ட்டுகள். வாஷ் முடியும்வரை ஒரு பீஸுக்கு ஆகும் செலவு: துணியும் வாஷும் ரூ.100, கூலி ரூ.40, மேற்செலவு ரூ.20. ஆக ரூ.160. செகண்ட்ஸ் ஒன்று ரூ.60-க்குப் போகும்.

இந்த மாதிரி வாஷில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில பீஸ்களில் சிறு துளை விழும், சிலவற்றில் நிறம் திட்டுத்திட்டாக இறங்கும். கம்பெனி தன் அனுபவத்தை வைத்து, நல்ல பீஸ் நூறுக்கு நான்கு போகும் என்று விலை சொல்லும்போதே கணித்திருந்தது. அதனால் 10,400 வெட்டினார்கள். ஆனால் வாஷ் முடிந்து பார்த்தபோது, எதிர்பார்த்த 400 போக, இன்னும் 200 பீஸ்களில் உடம்பு ஒரு நிறமும் கை வேறு நிறமுமாக இருந்தன. இரண்டு சாய லாட்டுகளின் ரோல்களை ஒரே லேயில் கலந்து விரித்திருக்கிறார்கள். விரிக்கும்போது கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த நிறம், வாஷில் பிரிந்துவிட்டது. அவசரமாக இன்னும் 200 வெட்டித் தைத்து ஆர்டரை நிறைவு செய்தார்கள். மொத்தம் தயாரித்தது 10,600. ஆர்டர் 214-இன் நடப்பு வேலைக் கணக்கில் ஏறியிருக்கும் தொகை ரூ.16,96,000.

இப்போது 600 பாழான பீஸ்கள் கையில் இருக்கின்றன. துணியாகப் பார்த்தால் எல்லாம் ஒரே செகண்ட்ஸ் குவியல். கணக்கில் அவை இரண்டு குவியல்கள்.

400 பீஸ் இயல்பான நட்டம். நல்ல முறையில் வேலை செய்தாலும் தவிர்க்க முடியாதது. அதுவும் இந்த வாங்குபவர் கேட்ட வாஷால் வந்தது. சாதாரண ஆர்டரில் வந்திருக்காது. ஆகவே இந்த ஆர்டரே அதைச் சுமக்க வேண்டும். செகண்ட்ஸாக விற்று வரும் தொகையை மட்டும் ஆர்டரிலிருந்து கழிக்கிறோம்:

செகண்ட்ஸ் இருப்புக் கணக்கு, பற்று: ரூ.24,000
நடப்பு வேலைக் கணக்கு (ஆர்டர் 214), வரவு: ரூ.24,000

அந்த 400 பீஸின் செலவு ரூ.64,000. அதில் ரூ.24,000 திரும்பிவிட்டது, மீதி ரூ.40,000 ஆர்டரிலேயே தங்கி, 10,000 நல்ல பீஸ்களின் மேல் பீஸுக்கு ரூ.4 வீதம் பரவுகிறது.

லாட் கலந்ததால் போன 200 பீஸின் கதை வேறு. ரோலில் லாட் சீட்டைப் பார்த்து விரித்திருந்தால் அது நடந்திருக்காது. அது அசாதாரண நட்டம். ஆர்டரிலிருந்து அதை முழுதாக வெளியே எடுத்துவிட வேண்டும்:

செகண்ட்ஸ் இருப்புக் கணக்கு, பற்று: ரூ.12,000
அசாதாரண நட்டக் கணக்கு, பற்று: ரூ.20,000
நடப்பு வேலைக் கணக்கு (ஆர்டர் 214), வரவு: ரூ.32,000

அந்த ரூ.20,000 நேராக இலாப நட்டக் கணக்குக்குப் போகும். ஆர்டரில் மிஞ்சுவது ரூ.16,40,000, பீஸுக்கு ரூ.164. பிரிக்காமல் 600 பீஸையும் ஆர்டர் தலையிலேயே வைத்திருந்தால் பீஸுக்கு ரூ.166 ஆகியிருக்கும். இரண்டு ரூபாய்தானே என்று விடக்கூடாது. அடுத்த முறை இதே வாஷுக்கு விலை சொல்லும்போது, ரோல் கலந்த தவறையும் சேர்த்தே விலை சொல்கிறோம். சில பைசா வித்தியாசத்தில் ஆர்டர் கைமாறும் தொழிலில் அது பெரிய சுமை. கணக்கியல் தரநிலை 2-உம் சரக்கிருப்பின் மதிப்பில் அசாதாரண வீணடிப்பைச் சேர்க்கக்கூடாது என்றே சொல்கிறது. மார்ச் 31 அன்று அந்தப் பீஸ்கள் கிடங்கில் இருந்தால், கலந்த ரோலின் நட்டம் சொத்து என்ற பெயரில் ஐந்தொகையில் உட்கார்ந்துவிடும்.

ஒரு சின்ன இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். நூறுக்கு நான்கு என்பதை எதன்மேல் கணக்கிடுவது? தயாரித்த 10,600-இன் மேல் கணக்கிட்டால் 424 வரும். அப்போது தவிர்த்திருக்கக்கூடிய 24 பீஸ் இயல்பான நட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பாழான பீஸ் கூடக்கூட இயல்பு என்று அனுமதிக்கும் அளவும் கூடும் என்பது நியாயமில்லை. நல்ல பீஸ் 10,000-இன் மேல் கணக்கிட்டால் அளவு 400-இல் நிற்கும்.

இதே 400 பீஸ், எந்த ஆர்டரிலும் விழக்கூடிய ஊசித் துளையாலோ எண்ணெய்க் கறையாலோ போயிருந்தால்? அது இயல்பானதுதான், ஆனால் இந்த வாங்குபவரால் வந்ததல்ல. தொழிற்சாலை முழுவதற்கும் பொதுவானது. அப்போது எல்லா ஆர்டரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று மேற்செலவுக்கு மாற்றுகிறோம்:

செகண்ட்ஸ் இருப்புக் கணக்கு, பற்று: ரூ.24,000
தொழிற்சாலை மேற்செலவுக் கணக்கு, பற்று: ரூ.40,000
நடப்பு வேலைக் கணக்கு (ஆர்டர் 214), வரவு: ரூ.64,000

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் மேற்செலவு விகிதம் போடும்போதே பொதுவான நட்டத்துக்கு ஒரு தொகை அதில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் ஆண்டுக் கடைசியில் மேற்செலவு துண்டு விழும். விகிதத்திலும் சேர்த்துவிட்டு, அதே நட்டத்தை ஆர்டரிலும் விட்டுவைத்தால் ஒரே நட்டத்துக்கு வாங்குபவரிடம் இரண்டு முறை விலை கேட்கிறோம். இரண்டாவது தவறுதான் ஆபத்தானது. விலை கூடிப்போய் ஆர்டர் வராமல் போகும். வராத ஆர்டர் எந்தக் கணக்கிலும் தெரியாது.

இனி மறுவேலை. நல்ல பீஸ் 10,000-இல் 300 பீஸ்களுக்குக் கழுத்துப் பட்டியில் தையல் தளர்ந்திருந்தது. பிரித்துத் தைத்ததில் நூலும் பட்டியும் ரூ.600, கூலி ரூ.3,000, அதற்குரிய மேற்செலவு ரூ.1,500, மொத்தம் ரூ.5,100. பாழான பீஸோடு ஒப்பிட்டால் இங்கே உள்ள முக்கிய வேறுபாடு, முதலில் செலவான ரூ.160-ஐ நாம் தொடுவதே இல்லை. அந்தப் பீஸ் நல்ல பீஸாகவே போகப்போகிறது. அதன் செலவு ஆர்டரிலேயே இருக்கும். கூடுதலாக ஆன ரூ.5,100 எங்கே போவது என்பது மட்டுமே கேள்வி. எந்த ஆர்டரிலும் நடக்கும் வழக்கமான தளர்வுதான் என்றால்:

தொழிற்சாலை மேற்செலவுக் கணக்கு, பற்று: ரூ.5,100
சரக்குக் கிடங்குக் கணக்கு, வரவு: ரூ.600
கொடுபட வேண்டிய கூலிக் கணக்கு, வரவு: ரூ.3,000
ஏற்றப்பட்ட மேற்செலவுக் கணக்கு, வரவு: ரூ.1,500

வரவுப் பக்கம் எப்போதும் இதேதான். இந்த வாங்குபவர் கேட்ட வித்தியாசமான பட்டியால் வந்தது என்றால் பற்று ஆர்டர் 214-இன் நடப்பு வேலைக் கணக்குக்குப் போகும். ஒரு மெஷினில் நூல் இழுவிசையைச் சரிபார்க்காமல் ஷிப்ட் முழுக்க ஓட்டியதால் வந்தது என்றால் அசாதாரண மறுவேலை நட்டக் கணக்குக்குப் போகும்.

மறுவேலைதான் கணக்கில் மிக எளிதாகத் தொலைகிறது. பாழான பீஸ் குவியலாகக் கண்முன் கிடக்கும். திருத்திய பீஸ் நல்ல பீஸ்களோடு பெட்டிக்குள் போய்விடும். பீஸ் ரேட்டில் தைப்பவர் தன் தவறைத் தானே கூலியில்லாமல் பிரித்துத் தைத்துக் கொடுத்தால் கூலிப் பட்டியலில் ஒரு தடயமும் இருக்காது. ஆனால் மெஷின் நேரம், இரண்டாவது செக்கிங், இரண்டாவது அயர்னிங் எல்லாம் செலவானதுதானே? ஆல்டருக்குத் திரும்பும் ஒவ்வொரு கட்டுக்கும் ஆர்டர் எண், எண்ணிக்கை, காரணம் எழுதிய சீட்டு கட்டாயம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். காரணம் எழுதாவிட்டால் மேலே சொன்ன மூன்று பற்றுகளில் எது என்று மாதக் கடைசியில் யாராலும் சொல்ல முடியாது. அப்போது கணக்கர் எல்லாவற்றையும் மேற்செலவில் போட்டுவிடுகிறார். ஆண்டு முழுக்க அசாதாரண நட்டக் கணக்கு சுழியத்திலேயே நிற்கிறது என்றால், அந்தத் தொழிற்சாலையில் தவறு நடக்கவில்லை என்று நம்புவதைவிட, சீட்டு எழுதப்படவில்லை என்று சந்தேகிப்பதே சரி.

தனிக் கணக்கு வைப்பதில் நேரடியான பண ஆதாயமும் உண்டு. அந்த 200 பீஸ் விஷயத்தை விசாரித்ததில், சாயப்பட்டறையே சில ரோல்களுக்கு லாட் எண்ணை மாற்றி ஒட்டியிருந்தது தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசி முடித்து ரூ.15,000 ஏற்க அவர்கள் ஒப்புக்கொண்டு, கம்பெனி டெபிட் நோட் அனுப்புகிறது:

சாயப்பட்டறைக் கணக்கு, பற்று: ரூ.15,000
அசாதாரண நட்டக் கணக்கு, வரவு: ரூ.15,000

நட்டம் ரூ.5,000-ஆகக் குறைந்தது. 200 பீஸையும் 400-ஓடு சேர்த்து ஆர்டருக்குள் புதைத்திருந்தால், சாயப்பட்டறைக்காரர் “எவ்வளவுங்க போச்சு?” என்று கேட்கும்போது காட்ட ஒரு தாள்கூட இருந்திருக்காது.