அறுவைக்குப் பின் ஒரு அயோடின் மாத்திரை

தைராய்டு சுரப்பியை முழுவதும் அகற்றிய பிறகும், குரல் நரம்பை ஒட்டிக் கொஞ்சம் திசு தங்கிவிடுவதுண்டு. கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் புற்று பரவியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத செல்கள் வேறெங்கும் ஒளிந்திருக்கலாம். இவற்றைத் தேடி அழிக்கத்தான் கதிரியக்க அயோடின்.

ரத்தத்திலிருந்து அயோடினை இழுத்துச் சேர்ப்பது தைராய்டு செல்லின் இயல்பு. பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைப் புற்றுச் செல்கள் பலவற்றுக்கும் அந்த இயல்பு மிஞ்சியிருக்கும். அயோடின்-131ஐ விழுங்கினால் அது அந்தச் செல்களுக்குள் சென்று, ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே பாயும் பீட்டா கதிரால் அவற்றை அழிக்கும். மெடுல்லரி வகைப் புற்று அயோடினை இழுக்காது. அதற்கு இந்தச் சிகிச்சை பயன்படாது. சுரப்பியைத் தாண்டாத சிறு கட்டிகளுக்குப் பெரும்பாலும் இது தேவையே இல்லை.

இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாயான ஒருவருக்கு, கணுக்களுக்குப் பரவிய பாப்பில்லரி புற்று என்று வைத்துக்கொள்வோம். செல்களுக்கு அயோடின் பசி எடுக்க வேண்டும். அதற்காக ஓரிரு வாரம் அயோடின் கலந்த உப்பு, கடல்மீன், முட்டை மஞ்சள்கரு, பால் ஆகியவற்றைத் தவிர்ப்பார். பசியைத் தூண்டும் டிஎஸ்எச் உயர, தைராக்சின் மாத்திரையைச் சுமார் நான்கு வாரம் நிறுத்துவார். அல்லது அதற்கான ஊசி போட்டுக்கொள்வார். கர்ப்பம் இல்லை என்று சோதித்து உறுதிசெய்த பிறகே 100 மில்லிகியூரி மருந்து தரப்படும். இரண்டு மூன்று நாள் தனி அறை.

செல்கள் பிடிக்காத மருந்தில் பெரும்பகுதி முதல் சில நாட்களில் சிறுநீரில் போய்விடும். எச்சிலிலும் வியர்வையிலும் கொஞ்சம் வரும். அதனால் வீட்டில் மருத்துவமனை சொன்ன நாட்கள்வரை தனியே தூங்க வேண்டும். தட்டு, டம்ளர், துண்டு தனி. துணியும் தனியாகத் துவைக்க வேண்டும். கழிப்பறையில் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, இருமுறை தண்ணீர் ஊற்றி, சோப்பால் கைகழுவ வேண்டும். கதிரின் அளவு தூரம் கூடக் கூட வேகமாகக் குறையும். அதனால் குழந்தையை மடியில் வைப்பதற்கும் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பேசுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கர்ப்பிணிகளிடமும் இதே விலகல் வேண்டும். அடுத்த கர்ப்பத்தைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

சுமார் ஒரு வாரத்தில் முழு உடல் ஸ்கேன். இதற்கு வேறு மருந்து வேண்டாம். விழுங்கிய அயோடின் வெளிவிடும் காமா கதிரே படம் தரும். கழுத்தில் ஒளி தெரிந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மிச்சத் திசுதான். உமிழ்நீர்ச் சுரப்பி, வயிறு, சிறுநீர்ப்பை ஒளிர்வதும் இயல்பே. உடையில் பட்ட சிறுநீர்த் துளிகூடப் புற்றுபோலக் காட்டும் என்பதால், சந்தேகமிருந்தால் உடைமாற்றி மறுபடி எடுப்பார்கள். நுரையீரலிலோ எலும்பிலோ ஒளி தெரிந்தால்தான் பரவலா என்று ஆராய்வார்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் கழுத்து அல்ட்ராசவுண்டும் தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். தைராய்டு செல் மட்டுமே சுரக்கும் புரதம் அது. அதற்கெதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். அதையும் சேர்த்தே பார்ப்பார்கள். தைரோகுளோபுலின் ஏறிக்கொண்டே போக, அயோடின் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லையென்றால், செல்கள் அயோடினை இழுக்கும் இயல்பை இழந்திருக்கலாம். அப்போது மறுபடி மாத்திரை தருவதற்கு முன் பெட் ஸ்கேனில் தேடுவார்கள்.