பெரிய டாக்டருக்கு ஒரு லெட்டர்

"அனீமியா கேஸ். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்." ஊர் டாக்டர் எழுதிக் கொடுக்கும் லெட்டர்கள் பல இவ்வளவோடு முடிந்துவிடும். கீழே ஒரு கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். நகரத்து ஸ்பெஷலிஸ்டுக்கு இதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: நோயாளிக்கு ரத்தம் குறைவு. அது எதிரில் வந்து உட்காரும்போதே முகத்தில் தெரிந்துவிடும்.

அறுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஐந்து மாதத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது ஹீமோகுளோபின் 13.1 இருந்தது, இப்போது 8.6. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7தான். சரியாகச் சாப்பிடாததால் வந்தது என்று வீட்டில் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுக்கிறார்கள். ஆனால் இந்த வயது ஆணுக்கு இரும்புச் சத்து இப்படிக் கரைந்தால், டாக்டரின் சந்தேகம் முதலில் குடலின் மேல்தான் போகும். வயிற்றுப் புண்ணோ பெருங்குடலில் கட்டியோ இருந்து, கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாக ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். வெறுமனே இரும்பு மாத்திரை கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறும், ஆள் தெம்பாவார், கட்டி உள்ளேயே இருக்கும்.

இவரை குடல்நோய் ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பும் நல்ல லெட்டர், தமிழில் சொன்னால், ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"62 வயது ஆண். மூன்று மாதமாக மூச்சு வாங்கல், நான்கு கிலோ எடை குறைவு. ஹீமோகுளோபின் ஐந்து மாதத்தில் 13.1இலிருந்து 8.6, ஃபெரிட்டின் 7. ஐந்து மாதத்துக்கு முன் மருந்து பூசிய ஸ்டென்ட். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டும் சாப்பிடுகிறார், எதையும் நிறுத்தவில்லை. பத்து நாளாக இரும்பு மாத்திரை. அதற்கு முன் மலம் கறுத்துப் போனதில்லை. ரத்தம் குடலில் எங்கிருந்து போகிறது? மேலும் கீழும் எண்டோஸ்கோப்பி தேவை என்று நினைக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை என்ன செய்யலாம்? இரண்டு வாரத்துக்குள் பார்க்க வேண்டுகிறேன்."

இதில் வீண் சொல் இல்லை. இரும்பு மாத்திரை விஷயத்தையே பாருங்கள். அதைச் சாப்பிட்டால் மலம் கறுக்கும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் கறுக்கும், ஆனால் அது தார் மாதிரி ஒட்டும், நாற்றமும் வேறு. மாத்திரை தொடங்கிய நாள் தெரியாவிட்டால், "கறுப்பாப் போகுது சார்" என்று நோயாளி சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குடலின் உட்சுவரில் அந்தக் கறுப்பு படிந்து காட்சியை மறைக்கும் என்பதால், பெருங்குடல் பரிசோதனைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்.

ஸ்டென்ட் பற்றிய வரி விட்டுப்போனால்தான் பெரிய ஆபத்து. ரத்தக் கசிவு என்றதும் யாரோ ஒருவர் இரண்டு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிடலாம். புதிய ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. அவர் குறைந்த ரத்தத்தோடு இருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டென்ட் வைத்த மாதமும் ஆஸ்பத்திரி கொடுத்த சம்மரியின் நகலும் லெட்டரோடு போக வேண்டும்.

கேள்வியை எழுதுவதில்தான் பல டாக்டர்களுக்குக் கூச்சம். பெரியவருக்குப் பாடம் நடத்துவதுபோல் ஆகிவிடுமோ என்று. உண்மையில் கேள்வி இல்லாத லெட்டருக்குப் பதிலும் சுருக்கமாகத்தான் வரும்: பெரும்பாலும் ஒரு டானிக், "ஒரு மாதம் கழித்து வரவும்".

அவசரமும் அப்படித்தான். எல்லா லெட்டரிலும் "அர்ஜென்ட்" என்று சிவப்பு மையில் எழுதினால் ரிசப்ஷனில் யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். "இரண்டு வாரத்துக்குள்" என்பதற்குப் பொருள் உண்டு. அருகில் "எடை குறைவு, ஹீமோகுளோபின் வேகமாக இறங்குகிறது" என்ற காரணமும் இருந்தால் தேதி கிடைக்கும். இதற்கிடையில் தார் மாதிரி மலம், மயக்கம், நெஞ்சுவலி வந்தால் லெட்டரை எடுத்துக்கொண்டு காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதைக் காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது, கூட வந்த மகளிடமும் வாயால் சொல்லியாக வேண்டும்.

இந்த லெட்டரைப் படித்த ஸ்பெஷலிஸ்டுக்கு அடுத்த வேலை தெளிவு. இரும்பு மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தி, மற்ற இரண்டையும் தொடரச் சொல்வார். உள்ளே பார்ப்பதற்கும் சிறு துண்டு எடுப்பதற்கும் அவை பொதுவாகத் தடையில்லை. பெரிய பாலிப் ஒன்று கண்ணில் பட்டால், வெட்டி எடுக்கும் முன் இதய டாக்டரைக் கேட்பார். கண்டதையும் இரும்பு மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்பதையும் எழுதி, ஊர் டாக்டருக்கே திருப்பி அனுப்புவார்.