எந்த நாள் வரீங்க?

"ஒன்பது நாளும் கொலு இருக்கு, எப்ப வேணும்னாலும் வாங்கோ." நவராத்திரி அழைப்பில் அதிகம் காதில் விழுகிற வாக்கியம் இதுதான். கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் அழைத்த வீட்டுக்கு அந்த வாரம் முழுவதும் தலைவலியைக் கொண்டுவருவதும் இதே வாக்கியம்தான். நாள் சொல்லாமல் அழைத்தால் வருகிறவர்கள் அத்தனை பேரும் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பார்கள், இல்லையென்றால் சனிக்கிழமையை. செவ்வாயும் புதனும் படிக்கட்டுப் பொம்மைகளும் வீட்டுக்காரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெள்ளி இரவு ஏழு மணிக்கு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது.

வெள்ளி அம்பாளுக்கு உகந்த நாள். அன்று ஒரு வீட்டிலாவது மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சனியும் ஞாயிறும் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதான நாட்கள். ஞாயிறில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மற்ற நாட்களின் ராகு காலமெல்லாம் மாலை நாலரைக்குள் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலரையிலிருந்து ஆறு வரை. அதைப் பார்க்கிறவர்கள் ஆறு மணிக்குப் பிறகுதான் வீட்டை விட்டே கிளம்புவார்கள். எனவே ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு யாரும் வரவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம், ஏழு மணிக்கு எல்லோரும் சேர்ந்து வந்தார்களே என்று ஆச்சரியப்படவும் வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. கூடத்தில் ஏழு படிக் கொலு வைத்தால் கூடத்தில் பாதி போய்விடும். மிச்சமிருக்கும் இடத்தில் ஜமக்காளம் விரித்து, முழங்கால் முடியாதவர்களுக்கு நாலு நாற்காலி போட்டால் ஒரே நேரத்தில் எட்டு அல்லது பத்துப் பேர் உட்காரலாம். ஒருவர் வந்து, கொலு பார்த்து, ஒரு பாட்டுப் பாடி, சுண்டல் சாப்பிட்டுக் கிளம்ப அரை மணி நேரம். ஆறரையிலிருந்து எட்டரை வரை என்றால் நாலு சுற்று. காகிதத்தில் நாற்பது பேர் கொள்ளும். ஆனால் வருகிறவர்கள் பஸ்ஸில் ஏறுவதுபோல வரிசையாக வருவதில்லை, முக்கால்வாசிப் பேர் ஏழிலிருந்து எட்டுக்குள் வருவார்கள். அதனால் ஒரு மாலைக்கு இருபது பேரை அழைப்பதே இந்த வீட்டுக்கு உச்சவரம்பு.

அழைக்க வேண்டியவர்கள் தொண்ணூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். 2025 நாட்காட்டியை எடுத்துக்கொண்டால் நவராத்திரி செப்டம்பர் 22, திங்கட்கிழமை தொடங்கியது. ஒரு திதி நீண்டதால் சரஸ்வதி பூஜை அக்டோபர் 1, புதன்கிழமைக்குப் போய், ஒன்பதுக்குப் பதில் பத்து மாலை கிடைத்தது. முதல் மாலை கலசத்துக்கும் வீட்டுக்கும். சரஸ்வதி பூஜையன்று எல்லோர் வீட்டிலும் பூஜை, யாரையும் அழைக்க வேண்டாம். மிச்சம் எட்டு. அதில் இரண்டை, முதல் புதனையும் இரண்டாவது திங்களையும், மற்றவர் வீட்டுக்குப் போவதற்கு ஒதுக்க வேண்டும். இதை மறந்துவிடுகிற வீடுகள்தான் அதிகம். உங்களை அழைத்தவர் வீட்டுக்கு நீங்கள் போகாமல் அவர் மட்டும் உங்கள் வீட்டுக்கு வந்து போனால், அந்தக் கணக்கு அடுத்த நவராத்திரி வரை பேசப்படும்.

ஆக வீட்டில் இருக்கும் மாலைகள் ஆறு. முதல் செவ்வாய்க்குக் கட்டடத்தில் உள்ள வயதான பெண்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்குக் கூட்டம் ஆகாது, லிஃப்டில் இறங்கி வந்துவிடலாம், எந்தக் கிழமையானாலும் சரிதான். வியாழனுக்கு மற்ற குடித்தனக்காரர்கள் பதினைந்து பேர். வெள்ளிக்கு, வெள்ளிதான் வேண்டும் என்கிற உறவுக்காரர்கள் இருபது பேர். சனிக்கு அலுவலகத் தோழிகளும் குழந்தைகளின் பள்ளித் தாய்மார்களும் இருபது பேர். ஞாயிற்றுக்கு தாம்பரத்திலிருந்தோ ஆவடியிலிருந்தோ குடும்பத்தோடு வருகிறவர்கள். பட்டியலில் பதினைந்து பெயர்தான் இருக்கும், ஆனால் கணவனும் குழந்தைகளுமாகத் தலை முப்பது இருக்கும். கடைசிச் செவ்வாய் எட்டுப் பேரோடு காலியாகவே இருக்கட்டும். முந்தின நாட்களில் வர முடியாதவர்கள் எல்லோரும் அன்றுதான் வந்து சேர்வார்கள்.

இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் பக்குவம் இருக்கிறது. "நீங்க வியாழக்கிழமை வாங்க" என்று உத்தரவு போடுவதுபோல் சொன்னால் சிலர் முகம் மாறும். "வியாழக்கிழமை ஆறரைக்கு மேல வீட்டிலேயே இருக்கேன், உங்களுக்குச் சௌகரியப்படுமா மாமி?" என்று கேட்டால், முடியாது என்றால் அவரே வேறு நாள் சொல்வார். "வரேன்" என்று மட்டும் சொன்னால் அது பதில் அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாளைச் சொன்னவர்தான் வருகிறவர்.

வாட்ஸப்பில் எல்லோருக்கும் ஒரே படத்தை அனுப்புவது அலுவலகத் தோழிகளுக்குப் போதும். வயதானவர்களுக்குப் போதாது. குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று "வெத்தலை பாக்கு வாங்கிக்க வாங்கோ" என்று சொன்னால்தான் அவர்கள் கணக்கில் அது அழைப்பு. ஒரே கட்டடம் என்றால் மகாளய அமாவாசைக்கு அடுத்த நாளே சிமிழோடு ஒரு சுற்றுப் போய்வந்துவிடலாம். தூரத்தில் இருப்பவர்களுக்குத் தொலைபேசி. அதிலும் மருமகளை விட்டுச் சொல்லாமல் நீங்களே பேசுவது நல்லது.

யாரை அழைப்பது என்ற கேள்வியையும் இங்கேயே பேசிவிடலாம். கணவரை இழந்தவர்களுக்குக் குங்குமம் கொடுப்பதில்லை என்ற பழைய வழக்கத்தால், அவர்களை அழைக்காமலேயே விட்டுவிடுகிற வீடுகள் இன்னும் உண்டு. இப்போது பல வீடுகளில் எல்லோருக்கும் ஒன்றுபோலவே கொடுக்கிறார்கள். அதுவே சரி என்பது என் எண்ணம். எப்படியானாலும், வீட்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு குங்குமத் தட்டோடு ஒருவர் முன்னால் மட்டும் தயங்கி நிற்பதைப்போல மனதை அறுப்பது வேறில்லை. தாங்களே வேண்டாம் என்பவர்களுக்குப் பூவும் பழமும் கொடுக்கலாம். வேறு மதத்துத் தோழிகளிடமும் குங்குமம் இட்டுக்கொள்கிறீர்களா என்று தட்டை நீட்டிவிட்டு அவர்கள் விருப்பத்துக்கு விடுவதே போதும்.

நாள் குறித்து அழைப்பதன் பெரிய லாபம் சமையலறையில்தான் தெரியும். கொண்டைக்கடலை, மொச்சை, காய்ந்த பட்டாணி எல்லாம் முந்தின இரவே ஊற வேண்டியவை. நாளைக்கு எத்தனை பேர் என்று தெரியாமல் ஊறப்போட்டால் ஒன்று மிஞ்சும், இல்லை போதாது. ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலை வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். சின்னக் கிண்ணத்தில் கொடுத்தால் இருபத்தைந்திலிருந்து முப்பது பேருக்கு வரும். பெரிய கிண்ணம் வேண்டாம். வருகிறவர் ஏற்கெனவே இரண்டு வீட்டுச் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்.

அழைக்காமல் வருகிறவர்களுக்காகக் கையிருப்பாகப் பாசிப்பருப்பு இருக்கட்டும். அரை மணி ஊறினால் போதும், திறந்த பாத்திரத்தில் சில நிமிடங்களில் மலர்ந்துவிடும். பக்கத்தில் நின்று பார்த்து, விரலால் நசுக்கினால் உடைகிற பதத்தில் வடித்துவிட வேண்டும். குக்கரில் போட்டால் பொங்கலுக்குத்தான் ஆகும். ஊறிய கடலை மிஞ்சினால் தண்ணீரை வடித்துக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் வேகவைக்கலாம். தாளித்து முடித்த சுண்டல் மிஞ்சுவதுதான் தொல்லை. நவராத்திரிச் சமயத்தில் சென்னையில் புழுக்கம் குறைந்திருக்காது, தேங்காய்த் துருவல் சேர்த்த சுண்டல் இரவுக்குள் கெட ஆரம்பிக்கும். கரண்டியால் கிளறும்போது பிசுபிசுவென்று ஒட்டினால், லேசாகப் புளித்த வாசம் வந்தால், கொட்டிவிட வேண்டியதுதான். நைவேத்தியத்துக்குத் தேவையானதில் மட்டும் முதலில் தேங்காய் சேர்த்துவிட்டு, மற்றதை ஆட்கள் வர வர இரண்டு தவணையாகத் தாளித்துக் கலந்தால் இந்தச் சிக்கல் வராது. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது என்றால் நன்றாக ஆறிய பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும், வீடு போய்ச் சேர்வதற்குள் ஊசிப்போகும்.

தாம்பூலப் பையில் கெடாத சாமான்களான மஞ்சள், குங்குமம், பாக்குப் பொட்டலம், கண்ணாடி, சீப்பு, வளையல், ரவிக்கைத் துணி எல்லாவற்றையும் முதல் நாளே போட்டு அடுக்கிவிடலாம். வெற்றிலையும் பூவும் பழமும் மட்டும் கொடுக்கும்போது. ஈர வெற்றிலையை மத்தியானமே பையில் வைத்தால் ரவிக்கைத் துணியில் கறை ஏறும். வெற்றிலை கவுளிக்கணக்கில் கிடைக்கும், கவுளிக்கு நூறு இலை என்பது பொதுவழக்கு. ஆளுக்கு இரண்டு என்றால் தொண்ணூறு பேருக்கு இரண்டு கவுளி. ஆனால் ஒரே நாளில் வாங்காமல் இரண்டு தடவையாக வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், ஒரு வாரம் பச்சையாக இராது. தேங்காய் கொடுப்பது மரபுதான். என்றாலும் ஒரே மாலையில் நாலு வீடு ஏறி இறங்குகிறவருக்கு நாலு தேங்காய் தோளைப் பிடுங்கும். ஒரு ஆரஞ்சோ வாழைப்பழமோ அவருக்குச் செய்கிற உபகாரம்.

ரவிக்கைத் துணி ஊர் சுற்றுகிற கதை எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கொடுத்தது மூன்றாம் வருஷம் உங்களிடமே திரும்பி வரும். அதைத் தடுக்க முடியாது, ஆனால் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்கிற சங்கடத்தைத் தவிர்க்கலாம். வந்த பையின் உள்ளே கொடுத்தவர் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் போட்டுவிட்டால் போதும்.

கூட்டத்தை நகர்த்துவதற்கும் தாம்பூலம்தான் கருவி. வெற்றிலை பாக்கு கையில் வந்துவிட்டால் கிளம்பலாம் என்று அர்த்தம். அதனால் வந்தவுடனேயே கொடுத்துவிட்டால் போகச் சொன்னதுபோல் ஆகிவிடும். சந்தனம், குங்குமம், பன்னீர் வந்தவுடன். பிறகு பாட்டு, சுண்டல். வாசலில் அடுத்த கூட்டம் வந்து நிற்கும்போது, சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தவர் பக்கமாகத் தாம்பூலத் தட்டு நகர்ந்தால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அவரே "குடுங்கோ, இன்னும் ரெண்டு வீடு இருக்கு" என்பார். இதற்காகத் தட்டின் பக்கத்தில் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும். வீட்டுக்காரி எல்லாவற்றையும் தானே செய்ய நினைத்தால் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலேயே மாலை போய்விடும். பெண்ணோ பிள்ளையோ, பத்து வயதுக்கு மேல் இருந்தால் தாராளமாகத் தட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியல் எழுதிய அதே தாளில் வந்தவர்களுக்கு ஒரு கோடு, நாம் போய்வந்த வீட்டுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தால் கடைசிச் செவ்வாய்க்கிழமை யார் பாக்கி என்று ஒரே பார்வையில் தெரியும். பூக்காரம்மாவும் வீட்டு வேலைக்கு வருகிறவரும் காவலாளி வீட்டுப் பெண்களும் அந்தப் பட்டியலில் முதலிலேயே இருக்க வேண்டும். விஜயதசமியன்று மிஞ்சிய பைகளை எடுத்து அவர்களுக்கு நீட்டுவது அழைத்ததாக ஆகாது. அன்றிரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்த பிறகும் யாராவது "நேத்திக்கு வர முடியல" என்று மறுநாள் வந்து நிற்பார்கள். அவர்களுக்காக இரண்டு பையை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுண்டலை அவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள்.